மேலோட்டமான கவ்வல்: டிஸ்சார்ஜ் நாளில் திருத்திய ஒரு பால் கொடுப்பு

இங்கே வரும் தாயும் குழந்தையும் குறிப்பிட்ட ஒரு குடும்பத்தினர் அல்லர். பேறுகால வார்டில் மூன்றாம் நாள் திரும்பத் திரும்பப் பார்க்க நேரும் ஒரு நிலையை, எண்களோடும் வரிசையோடும் காட்டுவதற்காக அமைத்த நிகழ்வு இது. முதல் குழந்தையோடு வீட்டுக்குக் கிளம்பும் தாய்க்கும், அவரை அனுப்பி வைக்கும் நர்ஸுக்கும், வீட்டில் துணைக்கு இருப்பவருக்கும் பயன்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறோம்.

வார்டில் கண்ட நிலை

தாய்க்கு 26 வயது, முதல் பிரசவம். 39 வாரத்தில் சுகப்பிரசவம், தையல் போட்டிருக்கிறது. பிறந்தபோது குழந்தையின் எடை 3,100 கிராம். கிளம்ப வேண்டிய அன்று காலை, பிறந்து 66 மணி நேரம் ஆனபோது, 2,830 கிராம். குறைந்தது 270 கிராம், பிறந்த எடையில் 8.7 சதவீதம்.

பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை குறைவது இயல்புதான். உடம்பில் கூடுதலாக இருந்த நீர் வெளியேறுகிறது. சீம்பாலும் அளவில் கொஞ்சமாகவே வருகிறது. 7 சதவீதம் வரை பெரும்பாலும் கவலை இல்லை. 10 சதவீதத்தை எட்டினால் டாக்டர் உடனே பார்க்க வேண்டும். இடைப்பட்ட குறைவில் எடையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, கூடவே சிறுநீரையும் மலத்தையும் பார்க்க வேண்டும். இந்தக் குழந்தை கடந்த 24 மணி நேரத்தில் இரண்டு முறைதான் சிறுநீர் கழித்திருந்தது, அதில் ஒன்று செங்கல் நிறக் கறையோடு. மலம் ஒரே முறை, இன்னும் தார் போலக் கறுப்பாக. மூன்றாம் நாளில் குறைந்தது மூன்று முறையாவது சிறுநீர் வந்து, மலம் பச்சை கலந்த நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்க வேண்டும். பால் உள்ளே போகப் போகத்தான் குடல் அந்தக் கறுப்பு மலத்தை வெளியே தள்ளும். ஆகவே, எடை, சிறுநீர், மலம் மூன்றும் ஒரே திசையைக் காட்டின.

வார்டுக் குறிப்பிலோ, ஒரு நாளில் பத்து முறை, ஒவ்வொரு முறையும் 40 முதல் 50 நிமிடம் பால் குடித்தது என்று இருந்தது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். குழந்தை மார்பில் இருந்த நேரம் வேறு, குடித்த பால் வேறு. நன்றாகக் குடிக்கும் குழந்தை தானாக விட்டுவிட்டுத் தளர்ந்து தூங்கும். இந்தக் குழந்தை மார்பிலேயே சோர்ந்து கண் மூடியது, தொட்டிலில் போட்ட இருபது நிமிடத்தில் மறுபடி அழுதது.

"வலிக்குதாம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

"வாய் வச்சதுலேர்ந்து எடுக்கிற வரைக்கும் வலிக்குது சிஸ்டர். முதல் குழந்தைன்னா அப்படித்தான், போகப் போகப் பழகிடும்னு சொன்னாங்க."

பக்கத்தில் நின்ற பாட்டிக்கு வேறு சந்தேகம். "பால் பத்தலை போல இருக்கு சிஸ்டர். பவுடர் பால் கலந்து கொடுத்துடலாமா?"

"முதல்ல பிள்ளை எப்படி வாய் வைக்குதுன்னு ஒரு தடவை முழுசா பார்த்துடலாம்மா. அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணலாம்."

தாயின் வலி, குழந்தையின் எடை, பாட்டியின் சந்தேகம் மூன்றும் மூன்று பிரச்சினைகளாகத் தெரியலாம். மூன்றுக்கும் காரணம் ஒன்றே: குழந்தை காம்பை மட்டும் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது, மார்பைக் கவ்வவில்லை.

கை வைக்காமல் பார்த்தபோது

நர்ஸ் முதல் ஐந்து நிமிடம் எதையும் திருத்தவில்லை. வழக்கம்போல் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தார். பார்க்காமல் திருத்தினால் எது பிழை என்றே தெரியாமல் போய்விடும்.

தாய் கட்டிலின் ஓரத்தில், கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்தார். தையல் வலிக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, முதுகை வளைத்துக் குனிந்து, மார்பைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனார். குழந்தை இரண்டு துணியில் இறுக்கமாகச் சுற்றப்பட்டு வலது கையின் மடிப்பில் மல்லாந்து கிடந்தது. வயிறு கூரையைப் பார்த்திருக்க, தலை மட்டும் மார்பின் பக்கம் திரும்பியிருந்தது. தலையைத் திருப்பித் தோளைப் பார்த்தபடி ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பார்த்தால் அந்த நிலையில் விழுங்குவது எவ்வளவு சிரமம் என்று பெரியவர்களுக்கே தெரியும்.

இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கத்தரி போலக் காம்புக்கு மிக அருகில் கருவட்டத்தைப் பிடித்திருந்தன. குழந்தை கவ்வ வேண்டிய இடத்தை விரல்கள் எடுத்துக்கொண்டன. குழந்தை வாயைக் கொஞ்சம் திறந்ததும் தாய் காம்பை நேராக உள்ளே வைத்து, குழந்தையின் பின்தலையை அழுத்தினார். பின்தலையில் கை பட்டு அழுத்தினால் குழந்தை எதிர்த்துத் தலையைப் பின்னால் தள்ளும், அது பிறவியிலேயே உள்ள எதிர்வினை. "பிள்ளைக்கு மார்பே பிடிக்கலை" என்று வீடுகளில் சொல்வதற்குப் பெரும்பாலும் அந்தக் கைதான் காரணம்.

கவ்விய பிறகு தெரிந்தவை: வாய் குறுகலாக, விசில் அடிப்பதுபோல் குவிந்திருந்தது. தாடை மார்பைத் தொடவில்லை, மூக்குதான் அழுந்தியிருந்தது. ஒவ்வொரு சப்புக்கும் கன்னம் குழி விழுந்தது, இடையிடையே 'டக்' என்ற ஓசை வந்தது. அந்த ஓசை நாக்கு பிடி நழுவிக் காற்று நுழைவதால் வருவது. சப்பல் வேகமாகவும் சிறிதாகவும் இருந்தது. விழுங்கும் சத்தம் ஐந்து நிமிடத்தில் நாலைந்து முறைதான் கேட்டது. வாயிலிருந்து வந்தபோது காம்பு உருண்டையாக இல்லாமல், ஒரு பக்கம் சரிவாக வெட்டிய புது லிப்ஸ்டிக் முனைபோல் நசுங்கி, நுனியில் வெளுத்த கோட்டோடு இருந்தது. வெடிப்பும் அந்தக் கோட்டின் மேலேயேதான் இருந்தது.

ஏன் வலிக்கிறது, ஏன் பால் வரவில்லை

மேல் அண்ணத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். முன்பக்கம் எலும்பாகக் கடினமாக இருக்கும், உள்ளே போகப் போக மெத்தென்று ஆகிவிடும். குழந்தை சரியாகக் கவ்வும்போது காம்பு அந்தக் கடினப் பகுதி முடியும் இடம் வரை போய்விடும். அங்கே நசுக்க எதுவும் இல்லை. நாக்கு கீழ் ஈறைத் தாண்டி நீண்டு, மார்பின் அடிப்பக்கத் திசுவைத் தாங்கிப் பிடிக்கும். நாக்கு கீழே இறங்கும்போது வாயினுள் உறிஞ்சுவிசை உண்டாகிப் பால் வழியும்.

மேலோட்டமாகப் பிடித்தால் காம்பு கடின அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு சப்புக்கும் அது நசுங்கும். அதனால்தான் வலியும் வெடிப்பும். நாக்கின் அடியில் போதுமான மார்புத் திசு இல்லாததால் உறிஞ்சுவிசை நிற்பதில்லை, பாலும் குறைவாகவே வரும். பால் எடுக்கப்படாமல் நின்றால் மார்பு கெட்டிப்படும், கருவட்டம் விறைக்கும், கவ்வுவது இன்னும் கடினமாகும். இப்படியே சில நாள் நீடித்தால் உடம்பு தேவை குறைவு என்று கணக்குப் போட்டுச் சுரப்பையே குறைத்துவிடும். பாட்டியின் சந்தேகம் அன்று தவறு, கவ்வலை அப்படியே விட்டிருந்தால் இரண்டு வாரத்தில் உண்மையாகியிருக்கும்.

வலியைப் பற்றி ஒரு அளவுகோல் சொல்லலாம். முதல் வாரத்தில், கவ்விய முதல் 20, 30 நொடி இழுப்பது போன்ற வலி வந்து அடங்கினால் அது ஏற்கத்தக்கது. அரை நிமிடம் தாண்டியும் அடங்காத வலி கவ்வல் தவறு என்பதற்கான செய்தி. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது அந்தத் தாய்க்குச் செய்யும் கொடுமை.

திருத்தியது எப்படி

முதலில் குழந்தையை மார்பிலிருந்து எடுக்க வேண்டும். இழுத்தால் வெடிப்பு ஆழமாகும். கழுவிய சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து, ஈறுகளுக்கு நடுவே வைத்து லேசாகத் திருப்பினால் பிடி விட்டுவிடும். அதற்குப் பிறகுதான் விலக்க வேண்டும்.

அழும் குழந்தையை மறுபடி உடனே மார்பில் வைக்கவில்லை. அழும்போது நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும், கவ்வ வராது. அழுகை பசியின் கடைசி அறிகுறி. கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையை இருபக்கமும் திருப்பித் தேடுவது, நாக்கை நீட்டுவது எல்லாம் அதற்கு முன்னாலேயே வரும். துணியை அவிழ்த்து, டயபரோடு மட்டும் தாயின் வெறும் நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, முதுகின்மேல் ஒரு துணி போர்த்தினார்கள். பத்து நிமிடத்தில் அழுகை அடங்கிக் குழந்தை தானே தலையை அசைத்துத் தேடத் தொடங்கியது.

அந்தப் பத்து நிமிடத்தில் மார்பைத் தயார் செய்தார்கள். அன்று காலையிலிருந்து பால் நிறையத் தொடங்கி, கருவட்டம் விறைப்பாக இருந்தது. விறைத்த கருவட்டத்தைச் சின்ன வாயால் மடித்துப் பிடிக்க முடியாது. தாய் இரு கை விரல் நுனிகளையும் காம்பின் அடியைச் சுற்றி வைத்து, வலிக்காத அளவுக்கு நெஞ்சை நோக்கி நேராக அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்தார். விரலை இடம் மாற்றி இன்னொரு நிமிடம். காம்பின் அடியில் தேங்கிய நீர் பின்னே தள்ளப்பட்டு, அந்த வளையம் மெத்தென்று ஆகிவிடும். பிறகு கையால் சில சொட்டுப் பால் பிழிந்து காம்பில் தடவினார். பிரசவத்தின்போது சிரை வழியே நிறையத் திரவம் ஏற்றப்பட்டவர்களுக்கு இந்த வீக்கம் கூடுதலாக இருக்கும், அவர்களுக்கு இந்த அழுத்தம் ஒவ்வொரு முறையும் தேவைப்படலாம்.

அடுத்தது உட்காரும் விதம். முதுகு சாயும் நாற்காலி, காலுக்குக் கீழே ஒரு சிறு பலகை, தையல் அழுந்தாமல் இருபக்கத் தொடைக்கும் கீழே மடித்த துண்டு. தாய் சற்றே பின்னால் சாய்ந்துகொண்டார். இதில் ஒரே விதி: குழந்தைதான் மார்புக்கு வர வேண்டும், மார்பு குழந்தையைத் தேடிக் குனியக் கூடாது. தலையணையை முதலிலேயே மடியில் வைக்கவில்லை. தலையணை உயரத்துக்கு ஏற்பக் குழந்தையை வைத்தால் பெரும்பாலும் குழந்தை அளவுக்கு மேல் உயர்ந்துவிடும். குழந்தை கவ்வி முடித்த பிறகு கையின் பாரத்தைத் தாங்க மட்டும் தலையணை வந்தது.

பிடியை மாற்றியதுதான் பெரிய மாற்றம். வலது மார்புக்கு வலது கை மடிப்பில் தலையை வைக்கும் வழக்கமான மடிப் பிடியில், தலையைத் துல்லியமாக நகர்த்த முடியாது. முதல் வாரத்துக்கு எதிர்க்கைப் பிடி நல்லது. வலது மார்புக்கு இடது கை. குழந்தையின் உடல் இடது முன்னங்கையின் மேல், உள்ளங்கை தோள்பட்டைகளுக்கு நடுவே, கட்டைவிரலும் மற்ற விரல்களும் காதுக்குக் கீழே கழுத்தைத் தாங்கி. பின்தலையில் எந்த விரலும் இல்லை. குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருந்தது. காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில். குழந்தையின் இரண்டு கைகளும் மார்பை அணைப்பதுபோல் இருபுறமும். தாயின் வலது கை மார்பைக் கீழிருந்து தாங்கியது, விரல்கள் கருவட்டத்தை விட்டு நன்றாகத் தள்ளி.

இப்போது குழந்தையின் மூக்குக்கு நேரே காம்பு. வாய்க்கு நேரே வைத்தால் தாடை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்துவிடும், வாய் குறுகும். மூக்குக்கு நேரே வைத்தால் குழந்தை காம்பை எட்ட முகத்தை நிமிர்த்த வேண்டும். நிமிர்ந்தால் தாடை முன்னே வரும், வாய் அகலும். காம்பால் மேலுதட்டை மெதுவாகத் தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் முறை வாய் பாதிதான் திறக்கும். அதற்கு அவசரப்படக் கூடாது. கொட்டாவி விடும் அகலத்துக்கு வாய் திறந்து நாக்கு கீழே தெரிகிற நொடியில், தோள்பட்டையில் இருக்கும் உள்ளங்கையால் குழந்தையைச் சட்டென்று அருகே கொண்டுவர வேண்டும். தாடை முதலில் மார்பின் அடிப்பக்கத்தில் பதியும், கீழுதடு காம்பிலிருந்து நன்றாகத் தள்ளிப் படியும், மேலுதடு கடைசியாகக் காம்பைத் தாண்டி மூடும்.

முதல் முயற்சியில் தாய் தயங்கினார், அந்தத் தயக்கத்துக்குள் வாய் பாதி மூடிவிட்டது. சுண்டுவிரல் விட்டு எடுத்து மறுபடி தொடங்கினார். இரண்டாவது முறை வாய் அகலமாகத் திறந்தது, ஆனால் கீழுதடு உள்ளே மடிந்துகொண்டது. அதற்காக எடுக்கவில்லை, தாடையை விரலால் லேசாகக் கீழே இறக்கியதும் உதடு வெளியே மலர்ந்தது. வலி கொஞ்சம் தணிந்தாலும் போகவில்லை. மூன்றாவது முறை தாய் தயங்காமல் கொண்டுவந்தார். சுமார் இருபது நொடி இழுத்தது, பிறகு நின்றுவிட்டது.

"இப்ப வலிக்கலை சிஸ்டர். ஆனா மூக்கு அடைக்கிற மாதிரி இருக்கே?"

மூக்கை விடுவிக்க விரலால் மார்பை அழுத்துவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் மேலே உள்ள மார்புத் திசு வாயிலிருந்து இழுபட்டு, கவ்வல் மறுபடி மேலோட்டமாகிவிடும். நர்ஸ் குழந்தையின் இடுப்பைத் தாயின் உடலோடு இன்னும் நெருக்கமாக அணைத்தார். கீழ்ப்பக்கம் நெருங்கியதும் தலை தானே கொஞ்சம் பின்சாய்ந்தது, மூக்கு விலகியது, தாடை இன்னும் அழுந்தியது.

கருவட்டம் முழுவதும் வாய்க்குள் போக வேண்டும் என்று சொல்வதுண்டு. கருவட்டத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அது அளவுகோல் ஆகாது. கருவட்டம் வெளியே தெரிந்தால், கீழுதட்டுக்குக் கீழே தெரிவதைவிட மேலுதட்டுக்கு மேலே கூடுதலாகத் தெரிய வேண்டும். அதோடு வாய் அகலமாக, கீழுதடு மலர்ந்து, தாடை மார்பில் பதிந்து இருந்தால் வெளியிலிருந்து பார்க்க வேண்டியது அவ்வளவுதான்.

பால் இறங்கியதை அறிந்தது

முதல் ஒன்றரை நிமிடம் வேகமான சிறு சப்பல், பாலை இறங்க வைக்கக் குழந்தை தரும் சைகை அது. பிறகு சப்பல் மெதுவாகி, ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாக ஆழமானது. தாடை முழுவதும் இறங்கி, ஒரு கணம் நின்று, ஏறியது. அந்தச் சின்ன நிறுத்தம்தான் வாய் நிறையும் நேரம். ஒன்று, இரண்டு சப்பலுக்கு ஒரு முறை மெல்லிய விழுங்கல் ஓசை கேட்டது. பத்து நிமிடம் கழித்துச் சப்பல் படபடவென்று சிறிதானதும், தாய் மார்பைக் கையால் மெதுவாக அழுத்திப் பிடித்தார். பால் மறுபடி வரத் தொடங்கிக் குழந்தை விழுங்கியது. 18 நிமிடத்தில் தானே விட்டுவிட்டது. இறுக்கி மூடியிருந்த கை விரிந்து தளர்ந்திருந்தது. மார்பு இளகியிருந்தது. காம்பு சற்று நீண்டிருந்தாலும் உருண்டையாகவே வெளிவந்தது. அந்த உருண்டை வடிவம் நல்ல சான்று, வீட்டில் ஒவ்வொரு முறையும் தாய் தானே பார்த்துக்கொள்ளலாம்.

இடது மார்பை ஒருக்களித்துப் படுத்த நிலையில் கொடுக்கப் பழக்கினார்கள். தையல் உள்ளவருக்கு இரவில் அது பெரிய நிம்மதி. தாயும் குழந்தையும் ஒருவரையொருவர் பார்த்து ஒருக்களிக்க வேண்டும். குழந்தையின் வாயைக் காம்புக்கு நேரே வைக்காமல், மூக்கு காம்புக்கு நேரே வரும்படி சற்றுக் கீழே வைக்க வேண்டும். அடியில் படும் மார்பைத்தான் முதலில் கொடுப்பது. மேல் கையால் தோள்பட்டையை அணைத்து அருகே கொண்டுவருவது அதே முறைதான். தூக்கம் வந்தால் குழந்தையை எடுத்துத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைக்கத் துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையோடு தூங்கிவிடுவது மிக ஆபத்து. அங்கே இரவில் பால் கொடுக்கவே வேண்டாம்.

சிசேரியன் ஆனவர் என்றால் அக்குள் பிடி வயிற்றுக் காயத்தில் அழுந்தாது. குழந்தையின் கால் தாயின் முதுகுப் பக்கம் போகும்படி, உடலைத் தாயின் விலாவோரம் அணைத்து, அதே பக்கக் கையால் தோள்பட்டையைத் தாங்குவது. கால் பாதம் நாற்காலியின் முதுகில் பட்டால் குழந்தை உதைத்து விலகும், அதற்கு இடம் விட்டு உட்கார வேண்டும்.

கிளம்பும் முன் செய்த இரண்டு காரியம்

நர்ஸின் கை படாமல் தாய் தனியாகக் கவ்வ வைக்கிறாரா என்று பார்க்காமல் அனுப்பவில்லை. வார்டில் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வாயில் வைத்துக் கொடுத்தால், வீட்டில் முதல் இரவே தாய் திணறிப்போவார். நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்த முறை பால் கொடுத்தபோது தாய் இரண்டாவது முயற்சியிலும், அதற்கடுத்த முறை முதல் முயற்சியிலுமே கவ்வ வைத்தார். டிஸ்சார்ஜ் காலையிலிருந்து மாலைக்குத் தள்ளிப்போனது. அந்த அரை நாளுக்குத் தகுந்த பலன் இருந்தது.

இன்னொன்று, எடை 8.7 சதவீதம் குறைந்து சிறுநீரும் குறைவாக இருந்ததால், மறுநாள் எடை பார்க்கும் வரை ஒவ்வொரு முறையும் பால் கொடுத்த பிறகு பிழிந்த பாலைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க டாக்டர் சொன்னார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து சுமார் மூன்று, நான்கு சென்டிமீட்டர் தள்ளி, எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கி, விட வேண்டும். தோலில் விரல் வழுக்கக் கூடாது. காம்பை இழுத்தால் பால் வராது, புண்தான் ஆகும். முதல் முறை 12 மில்லி கிடைத்தது. மூன்றாம் நாள் குழந்தை ஒரு முறைக்கு ஏறத்தாழ 15 முதல் 30 மில்லிதான் குடிக்கும் என்பதால் அது கூடுதலுக்குப் போதும். சிறு கரண்டியைக் கீழுதட்டில் வைத்துக் குழந்தை தானே நக்கிக் குடிக்கும்படி கொடுத்தார்கள், வாய்க்குள் ஊற்றவில்லை. கவ்வக் கற்றுக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் புட்டிக் காம்பைத் தவிர்த்தது சரியான முடிவு. அதைச் சப்ப வாயை அகலமாகத் திறக்கத் தேவையில்லை.

பவுடர் பால் தேவைப்படவில்லை. பிழிந்தும் பால் கிடைக்காமல், எடை இன்னும் குறைந்திருந்தால் டாக்டர் அளவு சொல்லி அதைச் சேர்த்திருப்பார். அது தோல்வி ஆகாது. அப்போதும் கவ்வலைத் திருத்தும் வேலையும் பால் பிழிவதும் நிற்கக் கூடாது.

வீட்டில் முதல் நாட்கள்

நான்காம் நாள் விடியற்காலை எதிர்பார்த்ததே நடந்தது. இரண்டு மார்பும் கெட்டியாகிக் காம்பு தட்டையானது, குழந்தை வழுக்கிக்கொண்டே இருந்தது. வார்டில் நன்றாகக் கவ்விய குழந்தை வீட்டில் திடீரென்று மறுப்பதாகத் தோன்றுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். தாய் கருவட்டத்தைச் சுற்றி இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்து, இளகும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பிழிந்துவிட்டுக் கொடுத்தார். முழுக்கப் பிழிந்தால் சுரப்பு இன்னும் ஏறும். கொடுத்து முடித்தபின் துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் பத்து நிமிடம் வீக்கத்தைத் தணித்தது. ஒரு நாளில் 8 முதல் 12 முறை கொடுப்பதுதான் பால் கட்டிக்கொள்வதற்கு முதன்மையான மருந்து.

பால் கொடுத்து முடித்ததும் வெடிப்பில் ஒரு சொட்டுப் பாலைத் தடவிக் காற்றில் உலர விட்டார். சோப்புப் போட்டுக் கழுவவில்லை. வெடிப்பு அதிகமான வலது பக்கத்தைத் தவிர்க்காமல், வலி குறைந்த இடது பக்கத்தில் தொடங்கி, பால் இறங்கியபின் வலதுக்கு மாற்றினார். முதல் பசியின் வேகம் அடங்கிய குழந்தை இரண்டாவது மார்பில் மென்மையாகச் சப்பும்.

டிஸ்சார்ஜான மறுநாள் எடை 2,850 கிராம். குறைவது நின்று ஏறத் தொடங்கியதால் கரண்டிப் பாலை நிறுத்தச் சொன்னார் டாக்டர். ஐந்தாம் நாள் 2,890. அன்று ஆறு முறை நனைந்த டயபர், மலம் மஞ்சளாகி நாலு முறை. ஏழாம் நாளில் வெடிப்பு மூடியிருந்தது. 12-ம் நாள் 3,130 கிராம், பிறந்த எடையைத் தாண்டிவிட்டது. பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடையை எட்டினால் போதும்.

இந்தக் குழந்தைக்கு நிலையைத் திருத்தியதே போதுமாக இருந்தது. எல்லாருக்கும் அப்படி அமையாது. வாய் அகலமாக, தாடை பதிந்து, வெளியிலிருந்து எல்லாம் சரியாகத் தெரிந்தும் காம்பு நசுங்கியே வந்தால் குழந்தையின் நாக்கின் அடியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாக்கைக் கீழே கட்டும் சவ்வு குட்டையாக இருந்தால் நாக்கு ஈறைத் தாண்டி நீளாது. கொடுத்து முடித்தபின் காம்பு வெளுத்து, நீலமாகி, எரிச்சலோடு துடித்தால் அது ரத்தக் குழாய் சுருங்குவதாக இருக்கலாம், அதற்கு வேறு மருத்துவம். 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை அழகாகக் கவ்வியும் சீக்கிரம் களைத்துப்போகும், அதற்குக் கூடவே பிழிந்த பால் தேவைப்படும்.

ஆறு மணி நேரத்துக்கு மேல் பால் குடிக்க எழாத குழந்தை, எழுப்பினாலும் சோர்ந்து விழும் குழந்தை, ஐந்தாம் நாளிலும் கறுப்பு மலம் அல்லது செங்கல் நிறச் சிறுநீர், வயிறு, கால் வரை பரவும் மஞ்சள் நிறம், 38 டிகிரி செல்சியஸை எட்டும் காய்ச்சல்: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தாய்க்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்து, மார்பில் ஒரு பகுதி சிவந்து சூடாக வலித்தாலும் அப்படியே. அந்த மார்பிலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை; நிறுத்தினால் தேக்கம் கூடி நிலைமை மோசமாகும்.